வட்டியைக் கழிக்காத ஓர் எண்

பட்டியலிட்ட கம்பெனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், கொஞ்சம் விவரம் தெரிந்த முதலீட்டாளர்கள் லாப நட்டக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. கடனுக்கு விற்றுவிட்டு இன்னும் வசூலாகாத பணமும் லாபத்தில் சேர்ந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பக்கங்களைத் தள்ளி நேரே ரொக்க ஓட்ட அறிக்கைக்குப் போவார்கள். ‘கேஷ் ஃப்ளோ’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அங்கே முதல் பகுதி முடியும் இடத்தில், ‘தொழில் நடவடிக்கைகளிலிருந்து கிடைத்த நிகர ரொக்கம்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். 25 கோடி என்று போட்டிருந்தால், ‘பரவாயில்லை, தொழில் நன்றாகத்தான் பணம் ஈட்டுகிறது’ என்று அறிக்கையை மூடிவிடுவார்கள்.

அந்த 25 கோடியில் வங்கிக்குக் கட்டிய வட்டி கழிக்கப்படவில்லை. வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ அல்லாத எந்த இந்திய கம்பெனியை எடுத்தாலும் இதுதான் நிலை. கம்பெனி எதையும் மறைக்கவில்லை. கணக்கியல் விதியே வட்டியை இரண்டு பகுதி தள்ளிக் கீழே போடச் சொல்கிறது. விதிக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. ஆனால் அது தெரியாமல் மேலே உள்ள எண்ணை மட்டும் படிப்பவர், கடன் நிறைய வாங்கிய கம்பெனியையும் கடனே இல்லாத கம்பெனியையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார்.

ரொக்க ஓட்ட அறிக்கையில் மூன்று பகுதிகள் உண்டு. சரக்கு வாங்குவது, விற்பது, சம்பளம், மின்கட்டணம், வருமான வரி போன்ற அன்றாடத் தொழிலின் வரவு செலவு முதல் பகுதியில் வரும். இது தொழில் நடவடிக்கை. இயந்திரம், நிலம் வாங்குவதும் விற்பதும், பிற கம்பெனிப் பங்குகளிலோ டெபாசிட்டிலோ பணம் போடுவதும் எடுப்பதும் இரண்டாவது பகுதி, அதாவது முதலீட்டு நடவடிக்கை. கம்பெனிக்குப் பணம் கொடுத்தவர்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் மூன்றாவது: புதிய பங்கு வெளியிடுவது, கடன் வாங்குவது, கடனைத் திருப்பிக் கட்டுவது. இதை நிதி நடவடிக்கை என்கிறார்கள்.

கடனின் அசலைப் பொறுத்தவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. வாங்கினாலும் கட்டினாலும் மூன்றாவது பகுதிதான். உலகம் முழுக்க அப்படித்தான். தகராறு வட்டியிலும் டிவிடெண்டிலும்தான். கட்டும் வட்டி, மாதா மாதம் போகும் செலவு. லாபத்தைக் கணக்கிடும்போது கழிக்கிறோம். அப்படிப் பார்த்தால் அது முதல் பகுதியில் இருக்க வேண்டும். ஆனால் அது கடன் கொடுத்தவருக்குப் போகும் கூலி. பணம் திரட்டியதற்கான விலை. அப்படிப் பார்த்தால் மூன்றாவது பகுதி. இரண்டு வாதத்திலும் பொருள் இருப்பதால்தான் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தது.

இந்தியா எடுத்த முடிவு தெளிவானது. பெரிய, பட்டியலிட்ட கம்பெனிகளுக்கான ‘இண்ட் ஏஎஸ் 7’ தரநிலையும், மற்றவர்களுக்கான பழைய ‘ஏஎஸ் 3’ தரநிலையும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. சாதாரணக் கம்பெனி கட்டும் வட்டியும் கொடுக்கும் டிவிடெண்டும் நிதி நடவடிக்கை. அதற்கு வரும் வட்டியும் டிவிடெண்டும் முதலீட்டு நடவடிக்கை. நிதி நிறுவனங்களுக்கு மட்டும் தனி விதி. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கோடி ரூபாயில். வரிக்கு முந்தைய லாபம் 8. லாப நட்டக் கணக்கில் தேய்மானம் 12, வட்டிச் செலவு 14. டெபாசிட் வட்டியாக 1, வைத்திருக்கும் பங்குகளுக்கு டிவிடெண்டாக 1 என்று இதர வருமானம் 2. நம் ஆலைகள் பெரும்பாலும் செய்வதுபோல, இவர்களும் லாபத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.

லாபம் 8-உடன் தேய்மானம் 12-ஐக் கூட்டுகிறார்கள், அது கையை விட்டுப் போகாத செலவு என்பதால். அடுத்து வட்டிச் செலவு 14-ஐயும் திரும்பக் கூட்டுகிறார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வட்டி ரொக்கமாகப் போகிற செலவுதான். அதைக் கூட்டுவதற்குக் காரணம், அதற்குரிய இடம் கீழே இருக்கிறது என்பது மட்டுமே. அதே காரணத்துக்காக இதர வருமானம் 2-ஐ இங்கே கழிக்கிறார்கள். ஆக 32. அந்த ஆண்டு பஞ்சு கூடுதலாக வாங்கி வைத்ததிலும் நூல் வாங்கியவர்களிடம் பாக்கி ஏறியதிலும் 5 முடங்கிவிட்டது. வரி 2 கட்டினார்கள். மிஞ்சுவது 25. தடித்த எழுத்தில் வரும் எண் இது.

இரண்டாவது பகுதியில் புதிய இயந்திரங்களுக்கு 18 போகிறது. வட்டியும் டிவிடெண்டுமாக 2 வருகிறது. நிகரம் 16 வெளியே. மூன்றாவது பகுதியில் புதிய டேர்ம் லோன் 20 உள்ளே வருகிறது. பழைய டேர்ம் லோனின் அசல் 12, வட்டி 13, பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் 2 வெளியே போகின்றன. நிகரம் 7 வெளியே. 25-இல் 16-ம் 7-ம் போனால் 2. ஆண்டுத் தொடக்கத்தில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 3 இருந்தது, முடிவில் 5 ஆனது. கணக்கு நேராகிவிட்டது.

மேலே கூட்டிய வட்டி 14, கீழே கழித்தது 13 என்பதைப் பார்த்திருப்பீர்கள். தவறில்லை. ஆண்டுக்கு உண்டான வட்டி 14. அதில் 1 கோடி மார்ச் 31 வரை சேர்ந்து, இன்னும் கட்டும் நாள் வராமல் நிற்கிறது. திரும்பக் கூட்டும்போது கணக்கில் எழுதிய தொகை, கீழே கழிக்கும்போது கையை விட்டுப் போன தொகை. ஆண்டறிக்கையில் இரண்டும் ஒன்றாகவே இருந்தால் ஆடிட்டரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்.

இப்போது இந்த ஆலையின் உண்மை நிலையைப் பார்ப்போம். தொழில் ஈட்டிய 25-இல் வட்டி 13 போனால் மீதி 12. பழைய கடனின் அசல் தவணை சரியாக 12. ஆக, வங்கிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியதுமே தொழிலில் வந்த பணம் தீர்ந்துவிட்டது. இயந்திரம் வந்தது புதுக்கடனில். டிவிடெண்ட் 2 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், டெபாசிட் வட்டியிலிருந்து என்றும் சொல்லலாம், கடனில் மிஞ்சியதிலிருந்து என்றும் சொல்லலாம். நூல் விற்ற காசிலிருந்து என்று மட்டும் சொல்ல முடியாது. பங்குச் சந்தைக்காரர்கள் போடும் எளிய கணக்கு ஒன்று உண்டு: தொழில் ரொக்கத்திலிருந்து இயந்திரச் செலவைக் கழிப்பது. 25-இல் 18 போனால் 7. அதை ‘கையில் மிஞ்சும் பணம்’ என்று சொல்லி மகிழ்வார்கள். வட்டியைக் கழித்தால் அது மைனஸ் 6.

இதே ஆலை அமெரிக்க விதிப்படி கணக்கு எழுதினால் என்ன ஆகும்? அங்கே கட்டும் வட்டி, வரும் வட்டி, வரும் டிவிடெண்ட் மூன்றும் தொழில் நடவடிக்கை. கொடுக்கும் டிவிடெண்ட் மட்டும் நிதி நடவடிக்கை. முதல் பகுதியின் எண் 25-இலிருந்து 14 ஆகிவிடும். இரண்டாவது பகுதியில் இயந்திரம் 18 மட்டும் வெளியே. மூன்றாவது பகுதி, 7 வெளியே என்பதற்குப் பதிலாக 6 உள்ளே என்று மாறும். கூட்டினால் அதே 2. ஒரு ரூபாய்கூட இடம் மாறவில்லை; ஆனால் ஒன்றைப் பார்ப்பவர் ‘25 கோடி ஈட்டும் ஆலை’ என்பார், மற்றதைப் பார்ப்பவர் ‘14 கோடி ஈட்டி, விரிவாக்கத்துக்குக் கடன் வாங்கும் ஆலை’ என்பார்.

அமெரிக்கர்களின் வாதம் எளிமையானது. லாபத்தைக் கணக்கிடும்போது எதெல்லாம் நுழைகிறதோ, அதன் ரொக்கம் முதல் பகுதியில் வர வேண்டும். வட்டி நுழைகிறது. கொடுக்கும் டிவிடெண்ட் நுழைவதில்லை. அது லாபத்தைப் பங்கு போடுவது, செலவு அல்ல. அதனால்தான் வட்டிக்கு ஓர் இடம், டிவிடெண்டுக்கு வேறு இடம். அங்கும் இது ஏகமனதான முடிவு இல்லை. 1987-இல் இந்த விதியைக் கொண்டுவந்தபோது, அமெரிக்கக் கணக்கியல் தரநிலை வாரியத்தின் ஏழு உறுப்பினர்களில் மூவர் எதிர்த்து வாக்களித்தார்கள். வட்டியைத் தொழில் பகுதியில் வைத்ததும் அவர்களுடைய ஆட்சேபங்களில் ஒன்று.

நம் விதியின் நியாயம் வேறு. பக்கத்து ஊரில் இதேபோல் இன்னோர் ஆலை இருக்கிறது. அதே கதிர்கள், அதே நூல், ஆனால் முழுக்க முதலாளியின் சொந்தப் பணம். வட்டி கிடையாது. இரண்டில் எந்த ஆலை நன்றாக ஓடுகிறது என்று ஒப்பிட வேண்டுமானால் வட்டியை ஓரமாக வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பணம் எங்கிருந்து திரட்டினார்கள் என்பது முதலாளியின் முடிவு, ஆலையின் திறமை அல்ல. இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் பங்கு வாங்குகிறவர் ஆலையை மட்டும் வாங்குவதில்லை, அதன் கடனையும் சேர்த்தே வாங்குகிறார். அவருக்கு 25-ஐ விட 12 தான் முக்கியம்.

பன்னாட்டுத் தரநிலையான ‘ஐஏஎஸ் 7’ இவ்வளவு காலமும் யார் பக்கமும் சாயாமல் நின்றது. வட்டியை முதல் பகுதியிலும் போடலாம், நிதி அல்லது முதலீட்டுப் பகுதியிலும் போடலாம்; கொடுக்கும் டிவிடெண்டைக்கூட, தொழில் வருவாயிலிருந்து டிவிடெண்ட் கொடுக்கும் சக்தி இருக்கிறதா என்று வாசகருக்குத் தெரிவதற்காக, முதல் பகுதியில் காட்டலாம் என்றது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுதோறும் அதையே பின்பற்ற வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இலங்கையின் தரநிலை இதை ஒட்டியது என்பதால், கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் அறிக்கையைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு வேலை இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு கம்பெனி வட்டியை மேலே கழித்திருக்கும், இன்னொன்று கீழே. நம் நூற்பாலை எல்லா வட்டியையும் டிவிடெண்டையும் முதல் பகுதியிலேயே போட்டிருந்தால், அந்தத் தடித்த எழுத்து எண் 12 ஆகியிருக்கும்.

இந்தச் சுதந்திரம் முடிவுக்கு வருகிறது. 2024 ஏப்ரலில் வெளியான ‘ஐஎஃப்ஆர்எஸ் 18’ என்ற புதிய பன்னாட்டுத் தரநிலை, 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அமலாகிறது. அதோடு சேர்த்து ஐஏஎஸ் 7-ஐயும் திருத்திவிட்டார்கள். சாதாரணக் கம்பெனிகள் கட்டும் வட்டியும் கொடுக்கும் டிவிடெண்டும் இனி நிதி நடவடிக்கை; வருபவை முதலீட்டு நடவடிக்கை. இந்தியா ஏற்கெனவே நின்ற இடத்துக்கே உலகம் வந்து சேர்ந்திருக்கிறது. இதனால் சில வெளிநாட்டுக் கம்பெனிகளின் தொழில் ரொக்கம் ஒரே ஆண்டில் திடீரென்று ஏறியதுபோல் தெரியும். வியாபாரம் ஏறியிருக்காது, வட்டி வரி கீழே இறங்கியிருக்கும்.

கடன் அசலில் தகராறு இல்லை என்றேன். ஆனால் அதைக் காட்டும் விதத்தில் கோளாறு செய்ய இடம் இருக்கிறது. புதுக்கடன் 20, திருப்பிக் கட்டியது 12 என்று தனித்தனி வரியாகப் போட வேண்டும். ‘கடன், நிகரம்: 8’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பழைய தவணை எவ்வளவு கனமானது என்பது வெளியே தெரியாது. மூன்று மாதத்துக்குள் திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டும் குறுகிய காலக் கடனுக்குத்தான் நிகரமாகக் காட்டச் சலுகை உண்டு. தவணை கட்டும்போது அசலும் வட்டியும் ஒரே காசோலையில் போனாலும் இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். இந்தியாவில் இரண்டும் ஒரே பகுதியில் இருப்பதால் ‘பிரித்தால் என்ன, பிரிக்காவிட்டால் என்ன’ என்று சில கணக்குப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். பிரிக்காவிட்டால் வட்டி எவ்வளவு என்று தேடும் வாசகர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 2019-இலிருந்து இண்ட் ஏஎஸ் கம்பெனிகள் நீண்டகாலக் குத்தகையையும் கடன்போலவே எழுதுகின்றன. கடைக்குக் கொடுக்கும் வாடகையில் அசல் பங்கும் வட்டிப் பங்கும் நிதிப் பகுதிக்குப் போய்விடுகின்றன. வாடகைக் கட்டடங்களிலேயே ஓடும் துணிக்கடை, மருந்துக்கடைச் சங்கிலிகளின் தொழில் ரொக்கம் அதற்குப் பிறகு பெரிதாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

ஓவர்டிராஃப்ட் இன்னொரு முடிச்சு. வங்கி கேட்ட மாத்திரத்தில் கட்ட வேண்டியதாகவும், அன்றாடப் பணப் புழக்கத்தோடு பிரிக்க முடியாததாகவும் இருந்தால், இண்ட் ஏஎஸ் 7 அதைக் கடனாகவே பார்ப்பதில்லை. ரொக்க இருப்பில் மைனஸாகச் சேர்த்துவிடுகிறது. அப்படியானால் அதில் எடுத்ததும் கட்டியதும் எந்தப் பகுதியிலும் வராது. இதற்கு அடையாளம், கணக்கு சில நாள் வரவிலும் சில நாள் பற்றிலும் மாறி மாறி நிற்பது. நம் ஆலைகளின் கேஷ் கிரெடிட் கணக்கு பல நேரம் ஆண்டு முழுவதும் பற்றிலேயே கிடக்கும். அதைப் புழக்கப் பணம் என்பது பொருந்தாது. கடன் என்று நிதிப் பகுதியில் காட்டுவதே முறை.

தயாரிப்பில் நேரும் பிழைகளில் அடிக்கடி வருவது, மேலே வட்டிச் செலவைத் திரும்பக் கூட்ட மறந்துவிட்டு, கீழே மட்டும் கழிப்பது. வட்டி இரண்டு தடவை போய்விடும். நம் ஆலையில் அப்படி நடந்தால் மொத்தம் 14 கோடி குறைந்து, முடிவு இருப்பு வங்கிக் கணக்கோடு ஒட்டாது. ஒட்டாத தொகை சரியாக வட்டிச் செலவின் அளவு என்றால் தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அவசரத்தில் யாராவது அந்த வித்தியாசத்தை ‘இதர மாற்றங்கள்’ என்ற வரியில் திணித்துக் கணக்கை நேராக்கிவிடுவார்கள். ரொக்க ஓட்ட அறிக்கையில் ‘இதர’ வரி பெரிதாக இருந்தால் கண்ணை அங்கே நிறுத்துவது நல்லது.

பிழை என்று சொல்ல முடியாத, ஆனால் வாசகரைத் திசைதிருப்பும் ஒன்றும் உண்டு. புதிய ஆலை கட்டி முடியும்வரை அதற்கான கடனின் வட்டியைச் செலவாக எழுதாமல் கட்டடத்தின் விலையோடு சேர்ப்பார்கள். லாப நட்டக் கணக்கில் அந்த வட்டி வராது. ரொக்க ஓட்ட அறிக்கையிலும் சிலர் அதை இயந்திரம் வாங்கிய செலவோடு சேர்த்து முதலீட்டுப் பகுதியில் வைத்துவிடுகிறார்கள். நிதிப் பகுதியில் வட்டி சிறிதாகத் தெரியும், கடன் சுமையும் லேசாகத் தெரியும். செலவாக எழுதினாலும் சொத்தில் சேர்த்தாலும், அந்த ஆண்டு கட்டிய மொத்த வட்டியை வெளியிட வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. அந்த மொத்தத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 2017-இலிருந்து கடனின் தொடக்க இருப்பு, ரொக்கமாக வந்ததும் போனதும், முடிவு இருப்பு ஆகியவற்றை ஒட்டிக் காட்டும் விவரத்தைக் குறிப்புகளில் தர வேண்டும். தொடக்கக் கடன் 130 என்றால், 20 கூடி, 12 கழிந்து 138 வர வேண்டும். சராசரிக் கடன் 134-க்கு வட்டி 14 என்றால் பத்தரை சதவிகிதத்துக்குக் கொஞ்சம் கீழே. இதே கம்பெனி 5 கோடி மட்டும் வட்டி காட்டினால் 4 சதவிகிதத்துக்கும் கீழே வரும். அந்த விலைக்கு எந்த வங்கியும் நூற்பாலைக்குக் கடன் தராது. மீதி வட்டி வேறெங்கோ ஒளிந்திருக்கிறது.

கடைசியாக வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும். அவர்களுக்குப் பணமே சரக்கு. அதனால் கட்டும் வட்டி, வரும் வட்டி, வரும் டிவிடெண்ட் எல்லாம் தொழில் நடவடிக்கை; கொடுக்கும் டிவிடெண்ட் மட்டும் நிதி நடவடிக்கை. நகைக்கடனோ வாகனக் கடனோ கொடுக்கும் கம்பெனி, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் தொகையும் முதல் பகுதியில்தான் செலவாகப் போகும். ஆனால் அந்தக் கடன் கொடுப்பதற்காகத் தான் வங்கியிடமும் கடன் பத்திரத்திலும் திரட்டிய பணம் மூன்றாவது பகுதியில் வரவாக வரும். இதன் விளைவு விசித்திரமானது. வேகமாக வளரும் ஃபைனான்ஸ் கம்பெனியின் தொழில் ரொக்கம் ஆண்டுதோறும் பெரிய மைனஸாக இருக்கும். புதுக்கடன் கொடுப்பதை நிறுத்தி, பழைய பாக்கியை மட்டும் வசூல் செய்துகொண்டு சுருங்கும் கம்பெனிக்கோ அது பெரிய பிளஸாக வரும். நூற்பாலைக்குப் பார்த்த கண்ணோடு அந்த மைனஸைப் பார்த்துப் பயந்து பங்கை விற்றவர்களும் உண்டு, பிளஸைப் பார்த்து வாங்கியவர்களும் உண்டு. இங்கே அந்த எண்ணை விட்டுவிட்டு, வசூலான வட்டிக்கும் வருமானமாக எழுதிய வட்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் உபயோகம். பல ஃபைனான்ஸ் கம்பெனிகள் லாபத்திலிருந்து எழுதிய வட்டியைக் கழித்து, வசூலான வட்டியைத் தனி வரியாகக் கூட்டிக் காட்டுகின்றன. எழுதிய வட்டி 100, வசூலானது 97 என்று இருந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் 93, 88 என்று இறங்கினால், வாராக்கடன் பற்றிய குறிப்பை நிதானமாகப் படிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.